கேபிள் அறுந்தாலும் லைன் நிற்காதிருக்க: ப்ரொஃபிநெட் ரிங் அமைப்பதற்கான வழிகாட்டி

எங்கள் பாக்கெட்டிங் லைனில், சாதனங்களைக் கேபிளால் வட்டமாக இணைக்கும் ரிங் நெட்வொர்க் முறைப்படி போடப்பட்டிருந்தது. ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட் உரசி ஒரு கேபிள் அறுந்தபோது ரிங் தன் வேலையைச் சரியாகவே செய்து, கண் இமைக்கும் நேரத்தில் மாற்று வழியைத் திறந்துவிட்டது. அப்படியிருந்தும் லைன் நின்றது. காரணத்தைத் தேடியபோது, ரிங் மீள்வதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, லைனைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி. காத்திருக்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தது தெரியவந்தது. லைனை அமைத்துக் கொடுத்தவர்கள் அந்த மதிப்பை மென்பொருள் தானாகப் போட்டபடியே விட்டுச் சென்றிருந்தார்கள். புதிதாக ரிங் அமைக்கப் போகிறவர்களும், அமைத்த ரிங்கைப் பொறுப்பேற்றுக்கொள்ளப் போகிறவர்களும் இதில் சிக்காமல் இருப்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் இதுதான்: ப்ரொஃபிநெட் என்னும் தொழிற்சாலை ஈதர்நெட்டில் இயங்கும் ஒரு பாக்கெட்டிங் லைன். அதில் எஸ்7-1500 வகை பி.எல்.சி. ஒன்று, உள்ளீடு, வெளியீடுகளை இணைக்கும் ரிமோட் ஐ.ஓ. பெட்டிகள் 6, கன்வேயர் டிரைவுகள் 5, மேனேஜ்டு சுவிட்சுகள் 2 என மொத்தம் 14 சாதனங்கள் ரிங்கில் இருக்கின்றன. சுவிட்சுகளிலிருந்து கிளையாக ஒரு பார்கோடு ரீடரும், எடை சரிபார்க்கும் இயந்திரமும், ஆபரேட்டர் திரையும் தொங்குகின்றன. ரிங்கை நிர்வகிப்பது எம்.ஆர்.பி. என்னும் நெறிமுறை. அது ஐ.இ.சி. 62439-2 தரத்தில் வரையறுக்கப்பட்டது.

## 1. மூன்று நேரங்களை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

எம்.ஆர்.பி. ரிங்கில் ஒரு சாதனம் மேனேஜர், மற்றவை கிளையண்ட். மேனேஜர் தன் இரண்டு ரிங் போர்ட்டுகளில் ஒன்றைச் சாதாரணத் தரவுக்கு மூடி வைத்திருக்கும். ஆகவே கேபிள் வட்டமாக இருந்தாலும், தரவு ஒரு நேர்கோட்டில்தான் ஓடுகிறது. மேனேஜர் இரு பக்கமும் சோதனைச் சட்டகங்களை அனுப்பி, அவை சுற்றி வந்து சேர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பில் 20 மில்லி விநாடிக்கு ஒன்று வீதம் அவை போகும்; தொடர்ந்து மூன்று வராவிட்டால் ரிங் அறுந்ததாகக் கொண்டு, மூடிய போர்ட்டைத் திறந்துவிடும். அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சாதனம் தன் போர்ட் இறந்ததை உடனே மேனேஜருக்குத் தெரிவித்தால், இது இன்னும் விரைவாக நடக்கும். பிறகு மேனேஜர், பழைய முகவரி அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி எல்லாச் சாதனங்களுக்கும் சொல்லும். 50 சாதனங்கள் வரையுள்ள ரிங்கில் இந்த முழு வேலையும் அதிகபட்சம் 200 மில்லி விநாடிக்குள் முடியும் என்பதே பரவலாகப் பயன்படும் அமைப்பின் உறுதிமொழி. இதுதான் முதல் நேரம்.

இரண்டாவது, பி.எல்.சி.யின் வாட்ச்டாக் நேரம், அதாவது ஒரு ஐ.ஓ. சாதனத்திடமிருந்து தரவு வராவிட்டால் அது செத்துவிட்டதாக முடிவு கட்டுவதற்கு முன் காத்திருக்கும் நேரம். தரவுப் புதுப்பிப்பு இடைவெளியை, எத்தனை சுற்று தவறினால் பொறுக்கலாம் என்ற எண்ணால் பெருக்கினால் இது கிடைக்கும். இடைவெளி 2 மில்லி விநாடி, பொறுக்கும் சுற்று 3 என்றால், வாட்ச்டாக் வெறும் 6 மில்லி விநாடி. 200 மில்லி விநாடியில் மீளும் ரிங்குக்கு 6 மில்லி விநாடி மட்டுமே பொறுக்கும் பி.எல்.சி.யை வைத்தால், ஒவ்வொரு கேபிள் அறுப்பும் லைனை நிறுத்தத்தான் செய்யும்.

மூன்றாவது நேரத்தை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது. ரிங் மீளும் வரை பி.எல்.சி.யிடம் உள்ள உள்ளீடுகள் கடைசியாக வந்த மதிப்பிலேயே உறைந்திருக்கும். வெளியீடுகளும் கடைசிக் கட்டளையிலேயே நிற்கும். அந்த இடைவெளியை உங்கள் இயந்திரம் சேதமில்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே மூன்றாவது நேரம். ரிங் மீளும் நேரம் வாட்ச்டாக்கை விடக் குறைவாகவும், வாட்ச்டாக் இயந்திரம் தாங்கும் நேரத்தை விடக் குறைவாகவும் இருந்தால் மட்டுமே ரிங் உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் கன்வேயர் விநாடிக்கு 40 செ.மீ. ஓடுகிறது. ஐந்தாம் படியில் நாங்கள் வைக்கப்போகும் வாட்ச்டாக் நேரமான 256 மில்லி விநாடி முழுவதும் உறைந்தால் பாக்கெட் சுமார் 10 செ.மீ. நகர்ந்துவிடும். பாக்கெட்டுகளுக்கிடையே 25 செ.மீ. இடைவெளி இருந்ததால் மோதல் இல்லை. ஆனால் எடை குறைந்த பாக்கெட்டைத் தள்ளிவிடும் நியூமேட்டிக் தள்ளி வேறு கதை. அது சரியான கணத்தில் நீளாவிட்டால் குறைபாடுள்ள பாக்கெட் வாடிக்கையாளருக்குப் போய்விடும். எடை பார்க்கும் இடத்துக்கும் தள்ளிக்கும் இடையே 60 செ.மீ. இருந்ததால் பாக்கெட் அதைக் கடக்க ஒன்றரை விநாடி ஆகிறது. ரிங் திறந்ததாக எச்சரிக்கை வந்தவுடன் அந்தத் தூரத்துக்குள் இருக்கும் எல்லாப் பாக்கெட்டையும் தள்ளிவிடும்படி புரோகிராமில் சேர்த்தோம். அந்த நேரத்தில் தள்ளிக்கு நேராகவே நிற்கும் பாக்கெட் மட்டும் தப்பக்கூடும் என்பதால், அதற்கடுத்த ஒரு பெட்டியைத் தனியே எடுத்து வைக்கும் விதியும் வைத்தோம். இரண்டு மூன்று நல்ல பாக்கெட்டுகள் வீணாகும் என்பது உண்மைதான், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

துல்லியமாக ஒத்திசைந்து ஓடும் சர்வோ அச்சுகள் இருந்தால் 200 மில்லி விநாடி என்பது பேச்சுக்கே இடமில்லாத நேரம். ப்ரொஃபிநெட்டின் ஐ.ஆர்.டி. முறையில் ஓடும் அச்சுகளுக்கு எம்.ஆர்.பி. பொருந்தாது. அவற்றுக்கு ஒரே தரவை இரு பக்கமும் அனுப்பும் எம்.ஆர்.பி.டி. முறையைப் பார்க்க வேண்டும். அதற்குச் சாதனங்களின் ஆதரவு தனியாகத் தேவை.

## 2. வாங்கும் முன் சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

ரிங்கில் அமரும் ஒவ்வொரு சாதனமும் எம்.ஆர்.பி.யை ஆதரிக்க வேண்டும். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், அந்தச் சாதனத்தின் திறன்களை விவரிக்கும் ஜி.எஸ்.டி.எம்.எல். கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அது சாதாரண எக்ஸ்.எம்.எல். கோப்புதான்; எந்த எடிட்டரிலும் திறந்து `MediaRedundancy` என்று தேடினால் ஆதரவு உண்டா என்பதும், `SupportedRole` என்ற இடத்தில் அது மேனேஜராக இருக்க முடியுமா, கிளையண்ட்டாக மட்டுமா என்பதும் தெரிந்துவிடும். இரண்டு போர்ட் இருக்கிறது என்பதாலேயே ஒரு சாதனம் ரிங்குக்கு ஏற்றது ஆகிவிடாது.

மேனேஜ்டு அல்லாத, விலை குறைந்த சுவிட்சை ரிங்கின் நடுவே வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த பொறி. அது சோதனைச் சட்டகங்களைத் தடையின்றிக் கடத்திவிடுவதால் ரிங் மூடியிருப்பதாகவே மேனேஜர் காட்டும்; எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். கேபிள் அறுந்த பின்புதான் குட்டு வெளிப்படும்: முகவரி அட்டவணையை அழி என்ற கட்டளை அந்த சுவிட்சுக்குப் புரியாது. பல சுவிட்சுகளில் பழைய முகவரி தானாக மறைய 300 விநாடி ஆகும். அதுவரை அது தரவை அறுந்த பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

இவற்றுடன் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும். எந்தச் சாதனத்தின் எந்தப் போர்ட்டிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு எந்த எண்ணுள்ள கேபிள் போகிறது என்ற அட்டவணை, சாதனப் பெயரும் ஐ.பி. முகவரியும் கொண்ட பட்டியல், ஒவ்வொரு கேபிளின் சோதனை அறிக்கை ஆகியவை அவை. கேபிள் போடும் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் சோதனை அறிக்கையை வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் வராது.

## 3. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

சாதனங்களில் ஏற்கெனவே இரண்டு போர்ட் இருந்தால், கோடு போன்ற அமைப்பை ரிங்காக மாற்றக் கூடுதலாகத் தேவைப்படுவது கடைசிச் சாதனத்திலிருந்து முதல் சாதனத்துக்குத் திரும்பி வரும் ஒரே ஒரு கேபிள்தான். அதனால் செலவு மிகக் குறைவு என்று தோன்றும். ஆனால் அந்தத் திரும்பும் கேபிள் லைனின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். செம்புக் கேபிளில் ஒரு துண்டின் எல்லை 100 மீட்டர். பெட்டிக்குள் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் 80 மீட்டர் லைனிலேயே இந்த எல்லை இடிக்கும். அப்போது நடுவில் இன்னொரு எம்.ஆர்.பி. சுவிட்ச் வைக்க வேண்டும், அல்லது ஃபைபருக்குப் போக வேண்டும். ஃபைபர் என்றால் இரு முனையிலும் அதற்கேற்ற போர்ட்டும் தேவை.

திரும்பும் கேபிளைப் போகும் கேபிள் இருக்கும் அதே டிரேயில் படுக்க வைப்பது பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ரிங்கின் பயனை அடியோடு ஒழித்துவிடும். டிரேயை உரசும் ஃபோர்க்லிஃப்ட் இரண்டையும் சேர்த்தே அறுக்கும். தனி டிரே, அதை ஏற்றும் கூலி, சுவரில் போடும் துளை ஆகியவையே இந்தத் திட்டத்தின் பெரிய செலவு என்பதை மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். நகரும் பகுதிகளில் கேபிள் செயினுக்குள் போகும் துண்டுக்கு, தொடர்ந்து வளைவதற்கென்றே செய்யப்பட்ட டைப் சி கேபிள் வேண்டும். நிலையாகப் பொருத்தும் டைப் ஏ கேபிளை அங்கே போட்டால், உள்ளே இழை முறிந்து விட்டுவிட்டுத் தொடர்பு அறும். முழுதாக அறுந்த கேபிளைவிட இப்படி இருந்தும் இல்லாமலும் இருக்கும் கேபிள்தான் அதிகத் தொல்லை தரும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ரிங் திறந்து மூடும்.

## 4. ரிங்கை மூடாமல் கட்டமைப்பை இறக்குங்கள்

வரிசை முக்கியம். திரும்பும் கேபிளை முன்கூட்டியே லைன் ஓடும்போதே படுக்க வைக்கலாம், ஆனால் அதன் ஒரு முனையைப் போர்ட்டில் செருகாமல் மூடியிட்டு, செருகக் கூடாது என்று சீட்டுக் கட்டி வையுங்கள். மேனேஜர் யார் என்று முடிவாகாத நிலையில் வட்டத்தை மூடினால், ஒலிபரப்புச் சட்டகங்கள் முடிவின்றிச் சுற்றி, சில நொடிகளில் முழு நெட்வொர்க்கும் திணறிப்போகும்.

சீமென்ஸின் கட்டமைப்பு மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலில் ஒவ்வொரு சாதனத்தின் ப்ரொஃபிநெட் இடைமுகப் பண்புகளில் `Advanced options` என்பதற்குள் `Media redundancy` இருக்கிறது. அங்கே பி.எல்.சி.க்கு `Manager` என்றும் மற்ற எல்லாவற்றுக்கும் `Client` என்றும் கொடுங்கள். `Manager (auto)` என்ற தேர்வும் உண்டு; அதில் சாதனங்கள் தமக்குள் ஒரு மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும். அதையும் நிலையான `Manager` என்பதையும் ஒரே ரிங்கில் கலக்காதீர்கள். எல்லாச் சாதனங்களும் ஒரே டொமைனில் இருக்க வேண்டும். ரிங் போர்ட்டாகக் காட்டப்படும் இரண்டு போர்ட்டுகளும், நீங்கள் உண்மையில் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டுகளும் ஒன்றுதானா என்று இரண்டாம் படியில் தயாரித்த அட்டவணையுடன் ஒப்பிடுங்கள். நான்கு போர்ட் உள்ள சாதனங்களில் இது எளிதில் தவறும். மேனேஜரில் `Diagnostics interrupts` என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். தனியாகக் கட்டமைக்கப்படும் சுவிட்சுகளில் ரிங் போர்ட்டுகளில், வட்டங்களைத் தடுக்கும் இன்னொரு நெறிமுறையான ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிடுங்கள். ஒரே போர்ட்டை இரு நெறிமுறைகள் ஆளக் கூடாது.

ஹார்டுவேர் கட்டமைப்பை இறக்க பி.எல்.சி. ஸ்டாப் நிலைக்குப் போக வேண்டும். ஆகவே வாராந்திரப் பராமரிப்பு நேரத்தை உற்பத்திப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இறக்குவதற்குச் சில நிமிடமே ஆகும், ஆனால் ஆறாம் படியில் வரும் சோதனைக்கு ஒரு ஷிஃப்ட்டின் பாதியாவது கையில் இருக்க வேண்டும்.

## 5. வாட்ச்டாக்கை ஒவ்வொரு சாதனத்திலும் மாற்றுங்கள்

அதே பண்புகளில் `Real time settings`, அதற்குள் `IO cycle` என்ற இடத்துக்குப் போனால் `Update time`, `Accepted update cycles without IO data`, `Watchdog time` ஆகிய மூன்றும் இருக்கும். எங்கள் லைனில் கன்வேயருக்கு 2 மில்லி விநாடிப் புதுப்பிப்பு தேவையே இல்லை. எனவே 8 மில்லி விநாடியாக்கி, 32 சுற்று பொறுக்கச் சொன்னோம்: 8 × 32 = 256 மில்லி விநாடி. 200-க்கு மேல் கொஞ்சம் இடம் விட்டதாகவும் ஆயிற்று. வேகம் தேவைப்படும் சாதனத்தில் 2 மில்லி விநாடியை அப்படியே வைத்து, சுற்று எண்ணிக்கையை மட்டும் 105 அல்லது அதற்கு மேல் உயர்த்தலாம்.

ரிங்கில் இல்லாத, சுவிட்சிலிருந்து கிளையாகத் தொங்கும் சாதனங்களை இங்கே பலரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் எடை இயந்திரத்தின் தரவும் ரிங் வழியாகத்தான் பி.எல்.சி.யை அடைகிறது, அதன் வாட்ச்டாக் 6 மில்லி விநாடியாக இருந்தால், ரிங்கில் உள்ள 14 சாதனங்களும் தப்பித்து, இது ஒன்று விழுந்து லைனை நிறுத்தும்.

பாதுகாப்புச் சாதனங்கள் ப்ரொஃபிசேஃப் என்னும் பாதுகாப்பு நெறிமுறை மூலம் இதே கேபிளில் ஓடினால் இன்னும் கவனம் தேவை. அவற்றுக்கென்று தனியாக ஒரு கண்காணிப்பு நேரம் உண்டு. சீமென்ஸ் மென்பொருளில் அது தானாக 150 மில்லி விநாடி. இதுவும் 200-ஐ விடக் குறைவு என்பதால், ரிங் மீள்வதற்குள் பாதுகாப்பு ஐ.ஓ. செயலற்ற நிலைக்குப் போய், லைன் அவசரமாக நின்று, ஒப்புதல் பொத்தானை அழுத்தும் வரை கிளம்பாது. இதை 300-க்கு உயர்த்துவது ஒரு கிளிக்கில் முடியும் வேலைதான். ஆனால் லைட் கர்ட்டனுக்கும் ஆபத்தான பகுதிக்கும் இடையே விட்ட தூரம் இந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருந்தால், கூடுதலான 150 மில்லி விநாடிக்கு, ஐ.எஸ்.ஓ. 13855 கணக்கில் வரும் விநாடிக்கு 1600 மி.மீ. என்ற வேகத்தில், 240 மி.மீ. தூரம் கூட வேண்டும். பாதுகாப்புப் பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாமல் இந்த எண்ணைத் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், லைட் கர்ட்டனையும் அது நிறுத்த வேண்டிய மோட்டாரையும் ஒரே பெட்டியில் உள்ள சேஃப்டி ரிலேயுடன் நேரடியாக வயரிங் செய்துவிடுவதே நிம்மதி.

## 6. ஒவ்வொரு துண்டையும் கழற்றிப் பாருங்கள்

இப்போது திரும்பும் கேபிளைச் செருகி, மேனேஜரின் கண்டறிதல் பக்கத்தில் ரிங் மூடியிருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். 14 சாதனங்கள் என்றால் 14 துண்டுகள். லைனைக் காலி கன்வேயருடன் ஓடவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, மீண்டும் செருகுங்கள். செருகும்போது மேனேஜர் போர்ட்டை மறுபடி மூடுவதால் அப்போதும் ஒரு சிறு தடங்கல் வரும். ஆகவே இரண்டு கணங்களையும் கவனிக்க வேண்டும்.

ஐ.ஓ. சாதனம் விழும்போதும் திரும்ப வரும்போதும் அழைக்கப்படும் ஓ.பி. 86-இல் ஒரு எண்ணியை வையுங்கள்:

```
"Ring_Test".RackFail := "Ring_Test".RackFail + 1;
```

14 துண்டுகளையும் கழற்றிச் செருகி முடித்த பிறகும் இது சுழியாகவே இருந்தால் தேர்ச்சி. ஒன்று ஏறினாலும், எந்தச் சாதனம் விழுந்தது என்று டயக்னாஸ்டிக் பஃபரில் பார்த்து, அதன் வாட்ச்டாக்கைச் சரிபார்க்கவும். மீளும் நேரத்தை உத்தேசமாக அறிய, ரிங்கின் எதிர்ப்பக்கத்தில் உள்ள ஒரு சாதனத்தை லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை பிங் செய்யலாம்:

```
sudo ping -i 0.01 192.168.0.21
```

தொடர்ச்சியாக 9 பதில்கள் காணாமல் போயிருந்தால் தடங்கல் ஏறத்தாழ 90 மில்லி விநாடி. கழற்றப்பட்ட துண்டு உங்கள் பிங் போகும் வழியில் இல்லாவிட்டால் ஒன்றும் தவறாமலும் இருக்கலாம். அதை வைத்து ரிங் அதிவேகமானது என்று எழுதிவிடாதீர்கள். பல விநாடிகள் பதில் வராமல் நின்றால், எங்கோ அட்டவணையை அழிக்காத சுவிட்ச் ஒன்று இருக்கிறது. மேனேஜரின் சோதனைச் சட்டகங்களை வயர்ஷார்க்கில் பார்க்க `eth.type == 0x88e3` என்ற வடிகட்டி போதும்.

துண்டு எண், கழற்றிய நேரம், எண்ணியின் மதிப்பு, தவறிய பிங் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்ட தாளை ஒப்படைப்பு ஆவணங்களுடன் சேர்த்துவிடுங்கள்.

## 7. முதல் அறுப்பு தெரியாமல் போகக் கூடாது

ரிங் ஓர் அறுப்பைத்தான் தாங்கும். லைன் நிற்காததாலேயே முதல் அறுப்பு யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் கிடந்து, இரண்டாவது அறுப்பு விழும்போது ஒரு பகுதியே துண்டிக்கப்படும். ஆபரேட்டர் திரையில் ரிங் திறந்திருக்கிறது என்ற செய்தி, எந்த இரு சாதனங்களுக்கிடையே என்ற விவரத்துடன், ஒப்புதல் அளித்தாலும் மறையாமல் சரிசெய்யும் வரை நிற்க வேண்டும். பராமரிப்பு ஊழியர் ஒரு ரிமோட் ஐ.ஓ. பெட்டியின் மின்சாரத்தை அணைப்பதும் ரிங்குக்கு ஓர் அறுப்புதான்; அடுத்தடுத்து இல்லாத இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் அணைத்தால் இடையில் உள்ளவை பி.எல்.சி.யிடமிருந்து பிரிந்துவிடும். இதைப் பெட்டிக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

சாதனத்தை மாற்றும்போதும் கவனம் தேவை. பி.எல்.சி. அளவுருக்களை இறக்கும் ப்ரொஃபிநெட் சாதனமாக இருந்தால், பெயர் கொடுத்தவுடன் எம்.ஆர்.பி. அமைப்பும் சேர்ந்தே வரும். தனியாகக் கட்டமைக்கப்படும் சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பொருத்தினால், அது இரண்டாம் படியில் சொன்ன விலை குறைந்த சுவிட்சைப் போலவே நடந்துகொள்ளும். அதன் கட்டமைப்புக் கோப்பைச் சேமித்து வைத்து, ரிங்கில் செருகும் முன் ஏற்றிவிடுங்கள். மாற்றப்படுவது மேனேஜராக இருந்தால், அதன் ரிங் கேபிள்களில் ஒன்றை முதலில் கழற்றி, புதிய சாதனத்தில் கட்டமைப்பை இறக்கி, அது மேனேஜராக எழுந்துவிட்டதைத் திரையில் பார்த்த பிறகே அந்தக் கேபிளைச் செருகுங்கள்.